பயிற்சித்தாள் திருத்தம்: காலமும் வேற்றுமையும், 20 கேள்விகள்

திருத்த எடுத்துக்கொண்டது இரண்டு பக்கத் தாள். பத்து வயதுப் பிள்ளைக்கான தமிழ் இலக்கணப் பயிற்சி. முதல் பக்கத்தில் காலம்: அடைப்புக்குள் வினையைக் கொடுத்து, நேற்று, இப்போது, நாளை என்ற குறிப்புக்கு ஏற்ப எழுதச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வேற்றுமை: அடைப்புக்குள் பெயர், அதற்கு ஏற்ற உருபைச் சேர்த்து எழுத வேண்டும். பக்கத்துக்குப் பத்துக் கேள்வி. கூடவே விடைக்குறிப்பு ஒன்றும் உண்டு.

விடைக்குறிப்பை அப்படியே நம்பித் திருத்தினால் பிள்ளைக்கு 20க்கு 6 வருகிறது. மதிப்பெண்ணை எழுதும் முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. விடைக்குறிப்பே சரிதானா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தவறான சொல்லிலும் எந்த இடம் உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முழுச் சொல்லையும் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான சொல்லை எழுதிவைத்தால், பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அடுத்த தாளில் அதே தவறு வேறு சொல்லில் வரும்.

அதனால் இங்கே திருத்தியது பென்சிலால், சொல்லை வெட்டி. வினையென்றால் மூன்று துண்டு: பாடு + இன் + ஆன் = பாடினான். முதல் துண்டு செயல், நடுத்துண்டு காலம், கடைசித் துண்டு ஆள். இலக்கணப் பெயர்கள் பகுதி, இடைநிலை, விகுதி. பெயரென்றால் பார்க்க வேண்டிய இடமும் மூன்று: உருபு சேரும்போது பெயர் உருமாறியதா, பொருளுக்குச் சரியான உருபு வந்ததா, அடுத்த சொல்லோடு சேரும் இடத்தில் ஒற்று வந்ததா. தவறு எந்தத் துண்டில் இருக்கிறதோ அதன் அடியில் மட்டும் கோடு.

முதலில் விடைக்குறிப்பு

9ஆம் கேள்வி: "அவன் தினமும் காலையில் ____ (ஓடு)". பிள்ளை எழுதியது "ஓடுவான்". விடைக்குறிப்பில் "ஓடுகிறான்" மட்டும் இருக்கிறது. இரண்டுமே சரி. எதிர்கால வடிவம் தமிழில் நாளை நடப்பதை மட்டும் சொல்வதில்லை, வழக்கமாக நடப்பதையும் சொல்லும். "தாத்தா மதியம் கொஞ்ச நேரம் தூங்குவார்" என்றால் இன்று மதியம் என்று மட்டும் பொருளில்லை, எப்போதும் அப்படித்தான் என்று பொருள். "முன்பெல்லாம் நிறைய எழுதுவார்" என்று பழைய வழக்கத்துக்குக்கூட அதே வடிவம் வருகிறது. தெரியும், பிடிக்கும், வேண்டும் போன்ற சொற்களும் பார்க்க எதிர்காலம்போல இருந்து இப்போதைய நிலையைச் சொல்பவை. நிகழ்காலத்தைத்தான் சோதிக்க வேண்டுமென்றால் "தினமும் காலையில்" என்பதை எடுத்துவிட்டு "அதோ பார், அவன் இப்போது" என்று கேள்வியை மாற்ற வேண்டும். இங்கே கேள்வியைத் திருத்தி, பிள்ளையின் விடைக்கு முழு மதிப்பெண்.

16ஆம் கேள்வி: "தம்பி ____ படித்தான் (புத்தகம்)". பிள்ளை எந்த உருபும் சேர்க்காமல் "புத்தகம்" என்றே எழுதியிருக்கிறது. விடைக்குறிப்பு "புத்தகத்தை" என்கிறது. இதுவும் குறிப்பின் தவறு. "தம்பி புத்தகம் படித்தான்" நல்ல தமிழ். செயப்படுபொருளாக வரும் பெயர் உயிரில்லாததாகவோ விலங்காகவோ இருந்து, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டாமல் பொதுவாக வந்தால், ஐ என்ற உருபு மறைந்து நிற்கலாம். "புத்தகம் படித்தான்" என்பது ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தைப் படித்தான்" என்பது நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். மனிதரைச் சொல்லும்போது இந்தச் சலுகை இல்லை. "அம்மா பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "அம்மாவைப் பார்த்தேன்" என்றுதான் வரும். ஐ உருபைக் கட்டாயம் எழுதவைக்க விரும்பினால் கேள்வியில் மனிதப் பெயர் வேண்டும், அல்லது "அந்த" என்ற சுட்டு வேண்டும். தாளில் "தம்பி அந்தப் ____ படித்தான்" என்று ஒரு சொல் சேர்த்ததும் கேள்வி சீரானது.

20ஆம் கேள்விதான் சற்று நின்று பார்க்க வேண்டியது. "கண்ணனின் வீடு – இது எத்தனையாம் வேற்றுமை?" பிள்ளை "ஆறாம்" என்றது. குறிப்பு "ஐந்தாம்" என்கிறது. தாளைத் தயாரித்தவர் இன் என்ற உருபைப் பட்டியலில் பார்த்திருக்கிறார். பட்டியலில் ஐந்தாம் வேற்றுமைக்கு இன், இல் என்றும், ஆறாம் வேற்றுமைக்கு அது என்றும் இருக்கும். ஆனால் வேற்றுமை என்பது பொருள். கண்ணனுக்கு உரிய வீடு என்பது உடைமைப் பொருள், அது ஆறாம் வேற்றுமை. இங்கே வரும் இன் பெயருக்கும் உருபுக்கும் நடுவில் ஒட்டாக நிற்கும் சாரியை. அது என்ற உருபு மறைந்திருக்கிறது. விரித்தால் "கண்ணனினது வீடு". ஐந்தாம் வேற்றுமையின் இன், நீங்குதல், ஒப்பு, எல்லை, காரணம் ஆகிய பொருள்களில் வரும். "மலையின் இழி அருவி" என்றால் மலையிலிருந்து இறங்குகிற அருவி; அங்கே உடைமை இல்லை. இல் என்பதிலும் இதே சிக்கல் உண்டு. "வீட்டில் இருந்தான்" இடத்தைச் சொல்வதால் ஏழாம் வேற்றுமை. பிள்ளைக்குச் சொல்ல ஒரே வரி போதும்: உருபைப் பார்த்து எண்ணைச் சொல்லாதே, "யாருடைய?" என்று கேட்டு விடை வந்தால் ஆறு. இந்த வயதுக்கான தாளில் "கண்ணனது வீடு" என்று கேட்பது நல்லது.

குறிப்பைச் சரிசெய்ததில் மூன்று மதிப்பெண் திரும்பி வந்தது. இனிமேல் இருப்பவை பிள்ளையின் சொந்தத் தவறுகள். அவற்றில் ஒன்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் பக்கம்: காலம்

காலத்தைக் காட்டும் நடுத்துண்டுகள் அதிகமில்லை. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். எதிர்காலத்துக்கு ப், வ். நிகழ்காலத்துக்கு நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்றைச் சொல்கிறது. இன்றைய எழுத்தில் கின்று, கிறு இரண்டும் போதும்.

"அக்கா நேற்று ஒரு கதை ____ (சொல்)". பிள்ளை எழுதியது "சொல்லினாள்". இதற்கு முந்தைய கேள்வியில் "பாடினான்" சரியாக எழுதியிருப்பதைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பாடு, ஓடு, எழுது எல்லாவற்றுக்கும் இன் வருகிறது, அதனால் சொல் என்பதற்கும் இன் சேர்த்திருக்கிறது. விதி சரிதான், பழைய செய்யுள்களில் "சொல்லினாள்" உண்டு. அது குறுகி இன்று "சொன்னாள்" என்று நிற்கிறது. போயினான் "போனான்" ஆனதும், ஆயினான் "ஆனான்" ஆனதும் இதே வழியில்தான். அதனால் இங்கே பெரிய சிவப்புக் கோடு வேண்டாம். நடுத்துண்டின் கீழ்க் கோடு போட்டு "இன்று எழுதுவது சொன்னாள்" என்று பக்கத்தில் எழுதினால் போதும். ல் என்று முடியும் சின்ன வினைகளை மட்டும் தனியாகப் பழக வேண்டும், அவை ஒரே வழியில் போவதில்லை. நில், செல், வெல், கொல் ஆகியவை நின்றான், சென்றான், வென்றான், கொன்றான் என்று ன்ற் வாங்கும். வில், கல் இரண்டும் விற்றான், கற்றான் என்று ற்ற் வாங்கும். சொல் தனி. இதை விதியாகச் சொல்லிக்கொடுப்பதைவிட ஏழு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லவைப்பது எளிது.

"பறவைகள் இப்போது வானில் ____ (பற)". எழுதியது "பறக்கிறது". பேச்சில் பறவை ஒன்றானாலும் நூறானாலும் "பறக்குது" என்றுதான் சொல்கிறோம். அதை எழுத்துக்கு மாற்றிய பிள்ளை குது என்பதைக் கிறது ஆக்கிவிட்டு நின்றுவிட்டது. இங்கே உடைந்தது கடைசித் துண்டு. பறவைகள் என்பதில் கள் இருப்பதால் வினை "அ" என்று முடிய வேண்டும்: பறந்தன, பறக்கின்றன. கிறு என்பதோடு அன சேர்த்துப் "பறக்கிறன" என்று எழுதுபவர்களும் உண்டு, அதுவும் தவறு. பலவின்பாலுக்குக் கின்று வர வேண்டும். சோதித்துப் பார்க்கும் வழி: பெயரை எடுத்துவிட்டு "அவை" என்று போடு, "அவை பறக்கிறது" என்றதும் காது இடறும். எதிர்காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. "அது பறக்கும்", "அவை பறக்கும்", இரண்டும் ஒன்றுதான்.

"கடைக்காரர் இப்போது பழம் ____ (வில்)". எழுதியது "விற்க்கிறார்". செயல், காலம், ஆள் மூன்றும் சரி. ஓர் எழுத்து கூடிவிட்டது. இந்த ஓர் எழுத்தைப் பெரியவர்களின் கடிதங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தினமும் பார்க்கலாம், "முயற்ச்சி" என்றும் "பயிற்ச்சி" என்றும். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து ஒட்டி நிற்காது. ட் அல்லது ற் வந்துவிட்டால் அடுத்தது நேராக உயிர்மெய்: விற்கிறார், நிற்கிறார், கேட்கிறார், முயற்சி, காட்சி, நட்பு, கற்பனை. பிள்ளை ஏன் க் போட்டது? "பார்க்கிறார்" என்று எழுதிப் பழகியிருக்கிறது. அங்கே ர் என்பதற்குப் பின்னால் க் வருகிறது, சரியாகவே வருகிறது. ய், ர், ழ் மூன்றும் அப்படி இன்னொரு மெய்யைப் பின்னால் நிற்கவிடும்: வாய்ப்பு, பார்க்கிறார், வாழ்க்கை. அதனால் திருத்தத்தில் "விற்கிறார்", "பார்க்கிறார்" இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால், அடுத்த வாரம் பிள்ளை "பார்கிறார்" என்று எழுதும்.

"நாளை மழை ____ (பெய்)". எழுதியது "பெய்வது". பெய்தது, பெய்கிறது, அப்படியானால் பெய்வது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தமிழ் அந்த இடத்தில் வேறு வழி போகிறது. மனிதருக்கு எதிர்காலத்தில் ப் அல்லது வ் வரும்: செய்வான், படிப்பாள். அது, அவை என்ற அஃறிணைக்கு "உம்" வரும்: பெய்யும், ஓடும், படிக்கும். "பெய்வது" என்று ஒரு சொல் உண்டு, ஆனால் இன்றைய உரைநடையில் அது வினையாக நின்று வாக்கியத்தை முடிக்காது, பெயராக நிற்கும்: "மழை பெய்வது தெரிகிறது." அதைச் சொல்லிக் காட்டினால் பிள்ளைக்கே தெரியும், "நாளை மழை பெய்வது" என்றால் வாக்கியம் பாதியில் தொங்குகிறது.

"கண்ணாடி நேற்று விழுந்து ____ (உடை)". எழுதியது "உடைத்தது". இந்தத் தாளிலேயே கவனமாக விளக்க வேண்டிய தவறு இது. காலம் சரி, இறந்தகாலம்தான். ஆள் சரி, அதுதான். ஆனாலும் பொருள் தலைகீழாகிவிட்டது: கண்ணாடி வேறு எதையோ உடைத்தது என்று ஆகிறது. ந்த் வந்தால் தானாக நடந்தது, த்த் வந்தால் ஒருவர் ஒன்றைச் செய்தார். கண்ணாடி உடைந்தது, பையன் கண்ணாடியை உடைத்தான். செடி வளர்ந்தது, அக்கா செடியை வளர்த்தாள். குடம் நிறைந்தது, அம்மா குடத்தை நிறைத்தாள். நிகழ்காலத்திலும் இந்த வேறுபாடு தொடரும்: உடைகிறது, உடைக்கிறான். எதிர்காலத்திலும் அப்படியே: உடையும், உடைக்கும். மென்மையாக ஒலித்தால் தானாக, க்க், ப்ப், த்த் என்று அழுத்தி ஒலித்தால் செய்யப்பட்டது என்று சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். "எதை?" என்ற கேள்வியும் உதவும். எதை உடைத்தது என்று கேட்டு விடை இல்லாவிட்டால் "உடைந்தது".

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரே வினைக்கு இரண்டு வடிவமும் இருக்கும் இடத்தில் மட்டும்தான் இது செல்லும். "படுத்தான்" என்பதில் த்த் இருக்கிறது, ஆனால் எதையும் செய்யவில்லை, தானேதான் படுத்தான். "நடந்தான்" என்பதில் ந்த் இருந்தும் நிகழ்காலம் "நடக்கிறான்" என்று அழுத்தமாக வருகிறது. இவற்றில் விதியைப் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

"நான் நாளை பள்ளிக்கு ____ (வா, எதிர்மறை)". எழுதியது "வரவில்லை". பேச்சில் "நாளைக்கு வரல" என்று எல்லாரும் சொல்கிறோம், முடிவெடுத்துவிட்ட செய்தியாக. அதனால் இதை முழுத் தவறு என்று அடிப்பது நியாயமில்லை. அரை மதிப்பெண் கொடுத்தது அதனால்தான். ஆனால் கேள்வி கேட்பது எதிர்கால வடிவம். "இல்லை" என்பது நடந்து முடிந்ததற்கும் இப்போது நடப்பதற்கும் உரியது: நேற்று வரவில்லை, இப்போது வரவில்லை. நாளைக்கு மனிதரென்றால் மாட்டு: வரமாட்டேன், வரமாட்டாள். அஃறிணையென்றால் ஆது: வராது, பெய்யாது. "மழை பெய்யமாட்டாது" என்று எழுதினால் இரண்டையும் குழப்பியாகிவிட்டது என்று பொருள்.

இரண்டாம் பக்கம்: வேற்றுமை

இங்கே ஐந்து தவறு. அவற்றில் நான்கில் உருபு சரி. உருபு ஒட்டும் இடத்தில் பெயர் மாறாமல் நின்றதுதான் பிசகு.

"தம்பி ____ ஏறினான் (மரம்)": எழுதியது "மரமில்". இல் என்ற உருபு சரி. அம் என்று முடியும் பெயர் உருபை நேராக ஏற்காது. ம் விழுந்து, நடுவில் அத்து என்ற சாரியை வந்து, பிறகுதான் உருபு: மர + அத்து + இல் = மரத்தில். படம் படத்தை, குளம் குளத்துக்கு, பணம் பணத்தால். இங்கே கவனிக்க வேண்டியது, விதி ம் என்ற எழுத்துக்கு இல்லை, அம் என்ற முடிவுக்குத்தான். அதனால்தான் "ரூம்" என்ற சொல் ரூமில் என்று வருகிறது, ரூத்தில் என்று வருவதில்லை. "ஆல்பம்" மட்டும் ஆல்பத்தில் என்று தமிழ்ச் சொல்போல நடக்கிறது.

"அவன் ____ குளித்தான் (ஆறு)": எழுதியது "ஆறில்". டு, று என்று முடிந்து அதற்கு முன்னால் உயிரோசை இருந்தால், உருபு வரும்போது அந்த ட், ற் இரட்டிக்கும்: ஆற்றில், வீட்டில், காட்டுக்கு, கயிற்றை, கிணற்றிலிருந்து. பிள்ளைகள் இதைப் பேச்சிலேயே சரியாகச் செய்கிறார்கள். "வீடில்" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. எழுதும்போதுதான் அடைப்பில் இருக்கும் சொல்லை மாற்றக் கூடாது என்று நினைத்து அப்படியே ஒட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆறு என்பது எண்ணாக வந்தால் மாறாது. "ஆறிலும் சாவு நூறிலும் சாவு" என்ற பழமொழியில் எண்ணாக நிற்பதால் "ஆறில்". தண்ணீர் ஓடும் ஆறு என்றால் "ஆற்றில்". பிள்ளையின் "ஆறில்" தமிழில் இல்லாத சொல் அல்ல, வேறு ஆறு. இதைச் சொன்னதும் மறக்காது.

இரட்டிக்காத இடங்கள் மூன்றை ஒட்டிச் சொல்லிவிடலாம். முன்னால் மெய்யெழுத்து இருந்தால் இரட்டிக்காது: நண்டு நண்டை, கன்று கன்றை. வேறு எழுத்தில் முடிந்தால் இரட்டிக்காது: காசு காசை, காது காதை, படகு படகை. நடு என்பதுபோல ஒரு குற்றெழுத்துக்குப் பின்னே டு வந்தால் உகரம் விழாது, நடுவில் என்று வ் வரும்.

"நான் ____ பார்த்தேன் (அவை)": எழுதியது "அவைகளை". அவை என்பதே பன்மை, அதன்மேல் கள் இன்னொரு பன்மை. உருபு ஏற்கும்போது ஐ விழுந்து அற்று என்ற சாரியை வரும்: அவற்றை, அவற்றுக்கு, அவற்றில். இவை இவற்றை, சில சிலவற்றை, எல்லாம் எல்லாவற்றையும். சபை என்ற பொருளில் வரும் அவை வேறு சொல். அது ஒருமை, "அவையில் பேசினார்" என்று மாறாமல் வரும்.

"____ பசிக்கிறது (நான்)": எழுதியது "நானுக்கு". நான்காம் வேற்றுமை வேண்டும் என்று பிள்ளை கண்டுபிடித்ததே பெரிது. பசி, தாகம், பிடித்தல், தெரிதல் எல்லாம் கு ஏற்றே வரும். "நான் பசிக்கிறேன்" என்று எழுதாமல் இருந்ததற்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டது அதற்காக. திருத்த வேண்டியது அடி மட்டும். நான் என், நீ உன், நாம் நம், தான் தன்: நெடில் போய்க் குறிலான அடியில்தான் உருபு ஒட்டும். கு வரும்போது நடுவில் ஓர் அகரம்: எனக்கு, உனக்கு, நமக்கு, தனக்கு.

ஐந்தாவது வேறு வகை. "மாணவன் ____ புத்தகம் வாங்கினான் (ஆசிரியர்)": எழுதியது "ஆசிரியரிலிருந்து". பெயர் சரி, உருபுதான் பொருந்தவில்லை. இடத்திலிருந்தும் பொருளிலிருந்தும் என்றால் இல்: மரத்திலிருந்து, பெட்டியிலிருந்து. ஆளென்றால் இடம்: ஆசிரியரிடமிருந்து. இந்த வாக்கியத்தில் "ஆசிரியரிடம்" என்றாலே போதும், அதையும் சரியென்று ஏற்க வேண்டும். ஆளுக்கு இல் வருவது கூட்டத்தில் ஒருவரைப் பிரித்துச் சொல்லும்போது: "மாணவர்களில் ஒருவன்."

ஒற்று

17, 18, 19 மூன்றும் பிள்ளை சரியாக எழுதியவை: "தங்கை பள்ளிக்கு போனாள்", "கத்தியால் பழத்தை நறுக்கினாள்", "அவன் நண்பனோடு சென்றான்". உருபைச் சோதிக்கும் தாள் என்பதால் முழு மதிப்பெண். ஆனால் முதல் வாக்கியத்தில் ஓர் எழுத்து குறைகிறது, விடைக்குறிப்பிலும் அது இல்லை. ஐ, கு இரண்டு உருபுக்கும் பின்னால் க, ச, த, ப வரிசையில் ஒரு சொல் தொடங்கினால் அதே எழுத்தின் மெய் நடுவில் வரும்: பள்ளிக்குப் போனாள், தம்பியைப் பார்த்தான், அவனுக்குத் தெரியும். ஆல், ஓடு, இல், இருந்து இவற்றுக்குப் பின்னால் வராது. பிள்ளையின் மற்ற இரண்டு வாக்கியங்களே அதற்குச் சான்று: கத்தியால் பழத்தை, நண்பனோடு சென்றான். எதையும் கழிக்காமல், பள்ளிக்கு என்பதன் அருகே பென்சிலால் ஒரு சின்ன ப் மட்டும் போட்டுவைத்தது. விடைக்குறிப்பிலும் "பள்ளிக்குப்" என்றும், 16ஆம் கேள்வியில் "புத்தகத்தைப்" என்றும் திருத்தியாயிற்று.

மறுசோதனை

மொத்தம் 9½. திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்து, அதே சொற்களை மறுபடி எழுதச் சொல்வதில் பயனில்லை. விடை பக்கத்திலேயே இருக்கிறது. தவறு நடந்த இடத்துக்கு ஒன்றாக வேறு சொல் கொடுக்க வேண்டும். நேற்று அவள் வாசலில் ____ (நில்): நின்றாள். மாடுகள் இப்போது ____ (மேய்): மேய்கின்றன. மாணவி இப்போது பாடம் ____ (கேள்): கேட்கிறாள். நாளை பூ ____ (மலர்): மலரும். காற்றில் மேகம் ____ (கலை, நேற்று): கலைந்தது. ____ மாட்டைக் கட்டினான் (கயிறு): கயிற்றால். ____ எடுத்து வை (இவை): இவற்றை.

கடைசியாக ஒரு சொல் வேண்டுமென்றே சேர்த்தது: "பசு ____ நக்கியது (கன்று)". விடை "கன்றை". "கற்றை" என்று எழுதியிருந்தால், இரட்டிக்கும் விதி புரிந்திருக்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்பது புரியவில்லை. அப்போது ஆறு, கிணறு, கன்று, நண்டு நான்கையும் ஒரே வரிசையில் எழுதி, கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். புள்ளி இருந்தால் இரட்டிக்காது.